அகலப் பாதம், உயர்ந்த புறங்கால்: நாள் முழுக்க நிற்பவர்களின் ஷூ, பேன்ட் கேள்விகள்

கால் அகலம் என்பதால் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குகிறேன். ஆனாலும் மாலையில் வலிக்கிறது, குதிகால் வேறு நழுவுகிறது. ஏன்?

ஷூ பொருத்திவிடும் வேலையில் இருந்த காலத்தில் நான் மிக அதிகமாகக் கேட்ட புகார் இதுதான். நீங்கள் அகலத்தை வாங்க நினைத்து நீளத்தை வாங்கிவிட்டீர்கள்.

ஷூ உற்பத்தியில் ஒரு முழு சைஸ் ஏறும்போது நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் கூடும். அதோடு முன்பாதத்தைச் சுற்றி அளக்கும் சுற்றளவும் கால் அங்குலம் போலக் கூடும். சைஸை மாற்றாமல் அகலத்தை மட்டும் ஒரு படி ஏற்றினாலும் பெரும்பாலும் அதே கால் அங்குலச் சுற்றளவுதான் கிடைக்கும். அதாவது 8 அகல ஷூவும் 9 சாதாரண ஷூவும் முன்பாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் தருகின்றன. 9-இல் அதற்கு மேல் எட்டரை மில்லிமீட்டர் நீளமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்களுக்குத் தேவைப்படாத அந்த நீளம்தான் தொல்லை தருகிறது.

எப்படி என்றால், ஷூ எல்லா இடத்திலும் மடங்காது. பெருவிரலின் அடிமூட்டு இருக்கும் இடத்தில் மடங்கும்படி சோலை வடிவமைத்திருப்பார்கள். ஷூ நீளமாகிவிட்டால் அந்த மடிப்பு உங்கள் மூட்டைத் தாண்டி விரல்களின் மேல் விழும். ஒவ்வொரு அடிக்கும் மேல்தோல் விரல்களில் குத்தும். பின்னால் குதிகால் கிண்ணமும் தள்ளிப்போவதால் குதிகால் மேலும் கீழும் உரசும். அது நழுவாமல் இருக்க நீங்கள் அறியாமலே விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பீர்கள். எட்டு மணி நேரம் அப்படி நடந்தால் உள்ளங்கால் இழுக்காமல் என்ன செய்யும்?

உங்கள் பழைய ஷூவை மேசையில் வைத்துப் பாருங்கள். மேல்தோலில் விழுந்திருக்கும் மடிப்புக்கோடு, ஷூவின் மிக அகலமான இடத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். அது விரல் நுனிப் பக்கம் தள்ளி விழுந்திருந்தால் உங்கள் ஷூ நீளம்.

வீட்டிலேயே சரியாக அளக்க முடியுமா?

முடியும். வேலை முடிந்து வந்த மாலையில் அளங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஷூ தாங்க வேண்டியது அந்தக் காலைத்தான். வேலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் ஒரு தாளை வைத்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி, இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் பரவாது, அளவு குறைவாக வரும். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு வரைந்து தரட்டும். நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறி, பாதத்தின் வடிவமும் மாறிவிடும். மிக நீண்ட விரல்வரை ஒரு நீளம், பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் நடுவே ஓர் அகலம் எடுங்கள். பெருவிரல்தான் நீளம் என்று முடிவு கட்டாதீர்கள், பலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும்.

பிறகு தையல் டேப்பால் மூன்று சுற்றளவுகள். முதலாவது, அந்த இரண்டு மூட்டுகளைச் சுற்றி. இரண்டாவது, பாதத்தின் நடுவில், புறங்கால் மேடு மிக உயர்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி. மூன்றாவது, குதிகாலின் பின்முனையிலிருந்து மேலேறி, கணுக்கால் மடங்கும் இடம் வழியாக ஒரு சுற்று. மூன்றாவது எதற்கு என்று இப்போது தோன்றும். பேன்ட் கேள்வி வரும்போது அது தேவைப்படும்.

இரண்டு காலையும் அளங்கள். ஒன்று மற்றதைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் நீண்டிருப்பது சாதாரணம். பெரிய காலுக்கு வாங்கி, சிறிய கால் பக்கம், லேஸுக்குக் கீழே இருக்கும் ஷூ நாக்கின் அடியில் மெல்லிய பஞ்சு ஒட்டிச் சரிசெய்யலாம். சிறிய காலுக்கு வாங்கிவிட்டால் பெரிய காலை ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியில் இருக்கும் டி, ஈ, டபுள் ஈ எல்லாம் என்ன?

அகலப் படிகள். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி சாதாரணம், டபுள் ஈ அகலம், ஃபோர் ஈ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி-யே அகலம். பிரிட்டிஷ் முறையில் எழுத்துகளின் பொருள் வேறு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறவும் செய்யும். எழுத்தைப் பார்த்து ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குத் தாவாதீர்கள்.

அகலப் பாதமுள்ள பெண்களுக்கு இதில் ஒரு வழி உண்டு. ஆண்களின் சாதாரண டி, பெண்களின் பி-யைவிட இரண்டு படி அகலம். அமெரிக்க எண்ணில் ஒன்றரை குறைத்து ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்க்கலாம். குதிகால் ஒடுங்கியவர்களுக்கு மட்டும் இது பின்னால் தளர்ந்துவிடும்.

எழுத்தைவிட நம்பகமானது உள்ளே இருக்கும் இன்சோல். அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, குதிகாலைப் பின்விளிம்பில் பொருத்தி அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரலோ அதன் மூட்டோ இன்சோலுக்கு வெளியே வழிந்தால், அந்த ஷூவுக்குள் உங்கள் கால் மடங்கித்தான் இருக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்தால் மென்மையான மேல்தோல் சமாளிக்கும். அதற்கு மேல் வழிந்தால் வாங்காதீர்கள்.

எனக்கு உயர்ந்திருப்பது பாத வளைவா, புறங்காலா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, ஆனால் அடிக்கடி சேர்ந்தே வரும். வளைவு என்பது உள்ளங்காலின் அடிப்புறம். புறங்கால் என்பது லேஸ் கட்டும் மேற்புறம். வளைவு உயரமாக இருந்தால் எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் இறங்கும், அதற்குத் தேவை அடியில் மெத்து. புறங்கால் உயரமாக இருந்தால் ஷூவின் கூரை இடிக்கும், அதற்குத் தேவை மேலே இடம். அடியில் மெத்து வைத்தால் கால் உயர்ந்து கூரையில் இன்னும் இடிக்கும். இரண்டும் உள்ளவர்களின் சிக்கலே இதுதான். ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகிவிடுகிறது.

பார்ப்பது எளிது. உள்ளங்காலை நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையிலோ காகித அட்டையிலோ ஒரு முறை முழு எடையோடு மிதியுங்கள். நடுவில் மெல்லிய பட்டை மட்டும் விழுந்தாலோ, குதிகாலும் முன்பாதமும் தனித்தனித் தீவுகளாகத் தெரிந்தாலோ வளைவு உயரம். புறங்காலுக்குத் தடம் வேண்டாம். சரியான நீளமுள்ள ஷூவில் லேஸ் ஓட்டைகளின் இரண்டு வரிசையும் அகல விரிந்து நின்றாலே அது சாட்சி சொல்லிவிடும்.

ஆபீசுக்குத் தோல் ஷூ கட்டாயம். ஆக்ஸ்ஃபோர்ட், டெர்பி, லோஃபர், எதை எடுப்பது?

டெர்பி.

காரணம் தையலில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் லேஸ் ஓட்டைகள் உள்ள இரண்டு பக்கத் தோலும் முன்தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருக்கும். கீழ்முனை மூடியே இருப்பதால் வாய் ஓரளவுக்கு மேல் விரியாது. உயர்ந்த புறங்கால் அதற்குள் போனால் மேலே ஒரு பெரிய 'வி' திறந்து நிற்கும், அடியில் தையல் முனை சரியாக மேட்டில் அழுத்தும். டெர்பியில் அதே இரண்டு தோலும் முன்தோலுக்கு மேலே தைக்கப்பட்டு இறக்கைபோலத் தனியாக நிற்கும். காலையில் இறுக்கலாம், நான்கு மணிக்குக் கால் ஊதியதும் தளர்த்தலாம். பார்வைக்கும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேன்ட் மறைத்துக்கொண்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

லோஃபரில் லேஸ் இல்லை. அது காலில் நிற்பதே புறங்காலைக் கவ்விப் பிடிப்பதால்தான். உயர்ந்த புறங்காலுக்கு அது ஒன்று நுழையாது, அல்லது நுழைந்து மேட்டில் சிவந்த கோடு போடும். அந்தக் கோட்டைத் தவிர்க்கப் பெரிதாக வாங்கினால் குதிகால் கழன்று வரும். லோஃபர் ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லி முறைத்தவர்கள் பலர். ஓரங்களில் எலாஸ்டிக் வைத்த செல்சி வகையும் இதே கதைதான். எலாஸ்டிக் விரியும், ஆனால் விரிந்த எலாஸ்டிக் நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருக்கும்.

கூர்முனை வேண்டாம். முன்வட்டம் அகன்றதாக, மேலிருந்து பார்த்தால் உங்கள் பாதக் கோட்டைப்போல உள்பக்கம் ஓரளவு நேராக ஓடுவதாக இருக்கட்டும். குதி உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் போதும். வளைவு உயர்ந்தவர்களுக்கு ஏற்கெனவே முன்பாதத்தில் பளு அதிகம், உயரக் குதி அதை மேலும் முன்னால் தள்ளும்.

லேஸ் கட்டினால் புறங்கால் மேட்டில் மரத்துப்போகிறது. தளர்த்தினால் ஷூ ஆடுகிறது.

மேட்டின் மேலே லேஸ் குறுக்கே போகாமல் செய்யுங்கள். வலிக்கும் இடம் எந்த ஓட்டை வரிசைக்கு நேராக இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அதற்குக் கீழ்வரை வழக்கம்போலக் குறுக்காகக் கட்டி வாருங்கள். அந்த இடம் வந்ததும் இரண்டு நுனியையும் குறுக்கே விடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே உள்ள ஓட்டைக்கு ஏற்றுங்கள். அதன் பிறகு மறுபடி குறுக்காகக் கட்டுங்கள். நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து நிற்கும், மேட்டில் எந்தக் குறுக்கு இழையும் இருக்காது. குதிகாலை மேல் வரிசை பிடித்துக்கொள்ளும்.

மரத்துப்போவதற்குக் காரணம், புறங்காலின் தோலுக்கு அடியிலேயே எலும்பின்மேல் ஓடும் நரம்பு. அங்கே தசை மெத்தை கிடையாது. லேஸ் முடிச்சோ நாக்கின் தையலோ அதன்மேல் பல மணி நேரம் அழுத்தினால் விரல் வரை மரக்கும். லேஸை மாற்றிக் கட்டிய பிறகும், ஷூவைக் கழற்றி ஓரிரு நாள் ஆன பிறகும் மரப்பு போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளைவுக்கு ஆதரவு என்று விற்கும் இன்சோல் போட்டேன். வலி கூடிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன், வேறொருவர் காலுக்கான பொருளை வாங்கிவிட்டீர்கள். கடைகளில் கிடைக்கும் வளைவு இன்சோல்களில் பல, தட்டைப் பாதம் உள்பக்கம் சரியாமல் இருக்க, உள் ஓரத்தை உயர்த்திக் கெட்டியாகச் செய்யப்பட்டவை. உயர்ந்த வளைவுள்ள கால் உள்பக்கம் சரிவதில்லை. பெரும்பாலும் அது வெளிப்பக்கம் சாயும். உள் ஓரத்தை இன்னும் தூக்கினால் வெளிப்பக்கம் இன்னும் தள்ளப்படும். கணுக்கால் பிசகுவதும் இந்த வகைக் காலுக்குத்தான் அதிகம்.

உங்கள் பழைய ஷூவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் பின்முனையில் வெளிப்பக்கம் கொஞ்சம் தேய்வது எல்லோருக்கும் உள்ளதுதான். தேய்மானம் அங்கே நிற்காமல் வெளி ஓரம் முழுக்க முன்பாதம்வரை ஓடியிருந்தால் நீங்கள் வெளிச்சாய்வு நடை. அப்படியானால் நடை ஷூ வாங்கும்போதும், சோலின் உள்பக்கம் மட்டும் வேறு நிறத்தில் கெட்டியான நுரை வைத்த வகையைத் தவிருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மென்மை உள்ளதே உங்களுக்கு.

உங்களுக்கு வேண்டிய இன்சோல் வளைவை முட்டித் தூக்கக் கூடாது, தொட்டுக்கொண்டு நின்றால் போதும். குதிகாலும் முன்பாதமும் சுமக்கும் எடையில் ஒரு பங்கை நடுப்பாதத்துக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை. போட்டு நின்றதும் நடுவில் ஒரு கல் இருப்பதுபோல் உணர்ந்தால் உயரம் அதிகம். இரண்டு நாளில் பழகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இதமான தொடுதலுக்குக் கால் பழகும், குத்தலுக்குப் பழகாது.

இன்னொன்று, பலர் தவறுவது இங்கேதான். புதிய இன்சோலைப் பழையதன் மேலேயே வைத்துவிடுகிறார்கள். நான்கு மில்லிமீட்டர் இன்சோல் என்றால் கால் நான்கு மில்லிமீட்டர் மேலே ஏறி, புறங்கால் கூரையில் இடிக்கும். முதலில் ஷூவோடு வந்ததை எடுத்துவிட்டுத்தான் புதியதை வையுங்கள். எடுக்க முடியாதபடி ஒட்டிய இன்சோல் உள்ள ஷூவை இந்தக் கால்காரர்கள் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

தோல் ஷூ போடப் போட விரியும் என்கிறார்களே?

அகலத்தில் சில மில்லிமீட்டர் விரியும். நீளத்தில் விரியாது. முன்முனையில் உள்ளே கெட்டி அட்டை இருக்கும், அதுவும் விரியாது. ஆகவே மூட்டுப் பக்கம் லேசாக இறுக்கினால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, விரிகட்டை போட்டு ஓரிரு நாள் வைக்கச் சொல்லலாம். எலும்பு புடைத்த இடம் இருந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் குமிழ் வைத்து விரிப்பார்கள். விரல் நுனி இடித்தால் எதுவும் உதவாது. செயற்கைத் தோல் கட்டையில் இருக்கும்வரை விரிந்திருந்து, எடுத்ததும் பழையபடி சுருங்கும்.

பேன்ட்டின் கீழ்ப்பகுதி ஷூவின் மேல் சிக்கிக்கொண்டு சுருண்டு நிற்கிறது. உயரம் சரியாகத்தான் தைத்தேன்.

உயரம் சரி, பாட்டம் குறுகல். இது டெய்லரின் பிழை அல்ல. அவர் உங்கள் இடுப்பையும் தொடையையும் அளந்தார், புறங்காலை யாரும் அளப்பதில்லை.

புறங்கால் உயர்ந்தவருக்கு லேஸ் பகுதி மேடாக நிற்கும். பேன்ட்டின் முன்பக்கம் இறங்கி வரும்போது அந்த மேட்டில் முன்னதாகவே மோதி நின்றுவிடும். பின்பக்கம் தடையில்லாமல் இறங்கும். நடக்கும்போதும் உட்கார்ந்து எழும்போதும் துணி மேட்டின் மேல் ஏறி, நாக்கின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய உயரத்தைக் குறைத்தால் சாக்ஸ் தெரியும். பாட்டத்தைக் கூட்டினால் துணி மேட்டின் இருபுறமும் வழிந்து இறங்கிவிடும்.

எவ்வளவு கூட்டுவது? மேலே எடுத்த மூன்றாவது சுற்றளவு இங்கேதான் உதவும். குதிகாலைச் சுற்றி கணுக்கால் மடிப்பு வழியாக எடுத்தது. அதுதான் உங்கள் கால் ஒரு குழாய்க்குள் நுழையும்போது மிகப் பெருத்த இடம். அந்த அளவுக்குக் கீழே பாட்டம் வைத்தால் பேன்ட் போடும்போதே குதிகாலில் முட்டும். உங்களுக்கு அது பதினான்கு அங்குலம் வந்தால், 13 பாட்டம் பேன்ட்டில் காலை நுழைக்க ஏன் ஒற்றைக் காலில் துள்ளினீர்கள் என்பது புரியும்.

இது குறைந்தபட்ச அளவு. பார்வைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். அகல ஷூவின் மேல் ஒடுங்கிய பாட்டம் வந்தால் ஷூ தோணிபோலத் தெரியும். பேன்ட்டை மடக்கிப் படுக்கவைத்தால் தெரியும் அகலம், ஷூவின் வெளிநீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. ஷூ முப்பது சென்டிமீட்டர் என்றால் பாட்டம் படுக்கையில் இருபது, சுற்றளவில் ஏறத்தாழ 16 அங்குலம். முட்டியிலிருந்து நேராக இறங்கும் வெட்டாக இருக்கட்டும். முட்டியில் ஒடுக்கிக் கீழே மட்டும் விரித்தால் அது வேறு காலத்து பேன்ட் ஆகிவிடும்.

டெய்லரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அடிமடிப்பைச் சற்றுச் சாய்வாக, முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அல்லது ஒன்றரை குறைவாகத் தைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் மேட்டில் சுருளாது, பின்பக்கம் குதியை மூடும். வெளியே மடித்துத் தைக்கும் டர்ன்-அப் இருந்தால் இந்தச் சாய்வு சரியாக வராது, சாதா மடிப்பாகவே போட்டுக்கொள்ளுங்கள். அளவு கொடுக்கும்போது வேலைக்குப் போடும் ஷூவையும், அதற்குள் இன்சோல் வைப்பதானால் அதையும் வைத்துப் போட்டுக்கொண்டு போங்கள். இன்சோல் காலைத் தூக்கும் அளவுக்குப் பேன்ட் உயரமும் ஏறும்.

துணி எது?

நீண்ட நேரம் நிற்கவும் குனியவும் வேண்டிய வேலை என்றால் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை ஓரிரண்டு சதவீதம் கலந்த துணி. கெண்டைக்காலில் ஒட்டும் வெட்டு வேண்டாம். உட்கார்ந்து எழும்போது அது சாக்ஸைப் பற்றிக்கொண்டு இறங்க மறுக்கும், நீங்கள் நாள் முழுக்கக் குனிந்து இழுத்துவிட்டுக்கொண்டிருப்பீர்கள். இடுப்பு அளவை சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்த நிலையில் சரிபாருங்கள். பாதத்தைப் போலவே இடுப்பும் காலையிலிருந்து மாலைக்குள் மாறும்.

சாக்ஸ் தடிமனாக இருந்தால் ஷூவின் அகலத்தைத் தின்னும். கணுக்காலில் ஆழமான வளையம் பதித்தால் எலாஸ்டிக் இறுக்கம், மாற்றிவிடுங்கள்.

என் அளவுகளைத் தருகிறேன். நீளம் வலது 262, இடது 259 மில்லிமீட்டர். இன்சோல் மேல் நின்றால் சுண்டுவிரல் மூட்டு வெளியே வழிகிறது. புறங்கால் உயரம். பத்து மணி நேரம் நின்று வேலை. இப்போது பிரிட்டிஷ் 9 சாதாரண அகலம் போடுகிறேன், அகலம் ஓரளவு பரவாயில்லை, ஆனால் மாலையில் இறுக்குகிறது. என்ன வாங்குவது?

பெரிய காலை எடுத்துக்கொள்வோம், 262. பிரிட்டிஷ் 8-க்கு, ஷூவை எந்த அச்சின்மேல் வைத்து உருவாக்குகிறார்களோ அந்த அச்சின் நீளம் 11 அங்குலம், ஏறத்தாழ 279 மில்லிமீட்டர். விரல்களுக்கு முன்னால் பதினேழு மில்லிமீட்டர் இடம். லேஸ் ஷூவுக்கு அது போதும், அதில் ஒரு பங்கு முன்முனையின் வளைவிலேயே போய்விடும். 9-இன் அச்சு 288. உங்களுக்கு முன்னால் இருபத்தாறு மில்லிமீட்டர் வெற்றிடம் கிடக்கிறது. இதுதான் குதிகால் நழுவுவதற்குக் காரணம். நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கட்டாயம் நழுவும்.

ஆக நீளம் 8. இனி அகலம். 9 சாதாரணம் தரும் சுற்றளவை 8-இல் பெற ஒரு படி அகலம் ஏற வேண்டும். அந்த அளவே மாலையில் இறுக்குகிறது என்கிறீர்கள், ஆகவே இன்னொரு படி. 8, சாதாரணத்திலிருந்து இரண்டு படி அகலம். அந்த நிறுவனத்தின் அட்டவணையில் அது எந்த எழுத்து என்று பாருங்கள். டெர்பி, கழற்றக்கூடிய இன்சோல். அந்த இன்சோலை எடுத்துவிட்டு, அதே தடிமனில் வளைவை மெல்லத் தொடும் ஒன்றை வையுங்கள். இடது கால் மூன்று மில்லிமீட்டர் சிறியது. அந்தப் பக்கம் மட்டும் நாக்கின் அடியில் மெல்லிய பஞ்சு.

மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டிய பிறகு ஓட்டை வரிசைகளுக்கு நடுவே ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி, மேலும் கீழும் ஏறக்குறைய இணையாக ஓட வேண்டும். மேலே விரிந்து கீழே குவிந்தால் புறங்காலுக்கு இடம் போதவில்லை. வரிசைகள் முட்டிக்கொண்டால் ஷூ பெரிது, இறுக்க இனி வழியில்லை. பிறகு நுனிக்காலில் நில்லுங்கள். மடிப்பு உங்கள் பெருவிரல் மூட்டின்மேல் விழுகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஷூவை இரு கையாலும் மடக்குங்கள். முன்பாதத்தில் மடங்கினால் நல்லது. நடுவில் மடங்கினால் திருப்பிக் கொடுங்கள், உயர்ந்த வளைவை அது தாங்காது. உள்ளே நடுப்பகுதியில் இருக்க வேண்டிய கெட்டித் தகடு அதில் இல்லை, அல்லது பலவீனமானது.

பாதுகாப்பு ஷூ கட்டாயமான இடம். முன்னால் இரும்புக் கவசம் சுண்டுவிரலை நசுக்குகிறது.

அதை விரிக்க முடியாது, விரிக்க முயலவும் கூடாது. கவசத்தின் பின்விளிம்பு சுண்டுவிரலின்மேல் வந்து நின்றால் அது அகலக் குறையாகவும் இருக்கலாம், நீளக் குறையாகவும் இருக்கலாம். நுனிக்காலில் நின்று பாருங்கள். விளிம்பு விரலின் மேல்பக்கம் குத்தினால் நீளம் போதவில்லை, பக்கவாட்டில் அழுத்தினால் அகலம் போதவில்லை. இரண்டாவது என்றால் அகலக் கவசத்தோடு வரும் வகையைக் கேளுங்கள். தடித்த இன்சோல் வைத்துக் காலை உயர்த்தாதீர்கள். ஏதாவது விழுந்தால் கவசம் கொஞ்சம் அமுங்கும்படிதான் செய்திருப்பார்கள், அந்த இடைவெளிக்குள் உங்கள் விரல் ஏறிவிடும். இன்சோலையே மாற்ற வேண்டும் என்றால் அந்த ஷூவுக்கென்று தயாரிப்பாளர் அனுமதித்ததை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இது வெறும் ஷூ பிரச்சினை அல்ல என்று எப்போது சந்தேகப்பட வேண்டும்?

ஒரு காலில் மட்டும் வளைவு புதிதாக உயர்ந்துகொண்டே போனால். விரல்கள் நகம்போல வளைந்து நிமிராமல் போனால். அடிக்கடி கணுக்கால் பிசகினால், நடக்கும்போது முன்பாதம் தொங்கினால், கால் மெலிந்தால். உயர்ந்த வளைவு சிலருக்கு நரம்பு நோயின் வெளித்தோற்றம், குடும்பத்தில் பலருக்கு அப்படி இருப்பதும் உண்டு. சர்க்கரை நோயாளிகள், உணர்ச்சி குறைந்த கால் உள்ளவர்கள் மேலே சொன்ன எதையும் தாங்களே செய்து பார்க்க வேண்டாம். இறுக்கம் அவர்களுக்குத் தெரியாது, புண்தான் தெரியும்.

ஒரே ஜோடியைத் தினமும் போடலாமா? எப்போது மாற்றுவது?

இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போடுங்கள். நாள் முழுக்க வேர்வையை உறிஞ்சிய தோலும் நுரையும் ஓர் இரவில் முழுதாகக் காய்வதில்லை. ஈரத் தோல் நெகிழ்ந்து, கால் போன போக்கில் வடிவம் மாறிவிடும்.

மாற்ற வேண்டிய நேரத்தை மேல்தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது பளபளப்பாகவே இருக்கும். ஷூவை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் பகுதி வெளிப்பக்கம் சாய்ந்து நின்றால் உள்ளே நுரை ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. இன்சோலை எடுத்துக் குதிகால் இடத்தையும், எடை விழாத வளைவு இடத்தையும் இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைவு இடம் மெத்தென்று இருந்து, குதிகால் இடம் தாள்போல ஆகியிருந்தால் முதலில் இன்சோலை மட்டும் மாற்றுங்கள். மாற்றியும் ஷூ சாய்ந்தே நின்றால் சோல் போய்விட்டது.